இரண்டு காணொளிகளுக்கு நடுவே 41 நாட்கள்: ஒரு வாக்கெடுப்பும் ஒரு பின் செய்த கருத்தும்

கிளிநொச்சிக்குக் கிழக்கே, விசுவமடுப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. நீர்ப்பம்பி, தெளிகருவி, லான்ட்மாஸ்டர் ஆகியவற்றைப் பழுது பார்ப்பதே என் தொழில். அந்த வேலைகளைப் படம் பிடித்து யூடியூப்பில் போட்டு வருகிறேன். சந்தாதாரர்கள் 4,000 பேரைச் சற்றுத் தாண்டியிருக்கிறார்கள். என்னால் மாதத்துக்கு ஒரு காணொளிக்கு மேல் போட முடிவதில்லை. திருத்திய பம்பியைக் கிணற்றடியில் குறைந்தது ஒரு வாரமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் 'சரியாகிவிட்டது' என்று சொல்ல எனக்கு மனம் வராது என்பதே அதற்குக் காரணம். ஆகவே ஒரு காணொளிக்கும் அடுத்த காணொளிக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளியில் வாக்கெடுப்பு, சமூகப் பதிவு, காணொளியின் கீழே எல்லாக் கருத்துகளுக்கும் மேலாகக் குத்தி நிறுத்துகிற 'பின் செய்த' கருத்து ஆகிய மூன்றையும் வைத்து 2025 பெப்ரவரி 8 முதல் மார்ச் 21 வரை நான் செய்தவற்றை, பிழைகளையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். 'அடுத்து எந்தக் காணொளி வேண்டும்?' என்று கேட்டு ஐந்து தெரிவுகளுடன் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். 'பழைய மண்ணெண்ணெய் மெசின் ஒன்றை மீண்டும் ஓட வைத்தல்' என்ற தெரிவு மற்ற நான்கையும் விட மிக அதிகமான வாக்குகளைப் பெற்றது. நானும் ஐந்து வாரம் அலைந்து, அதற்கான உதிரிப்பாகங்களைத் தேடி எடுத்து, அந்தக் காணொளியைச் செய்து போட்டேன். கீழே வந்த கருத்துகள் அன்பானவைதான். 'அப்பா இதே மெசினைத்தான் வைத்திருந்தார்', 'இந்தச் சத்தத்தைக் கேட்டு முப்பது வருடமாகிறது' என்று பலர் எழுதியிருந்தார்கள். ஆனால் தன் தோட்டத்து மெசினைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதே வாரத்தில் பட்டறைக்கு வந்தவர்களும் தொலைபேசியில் அழைத்தவர்களும் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று: எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை.

என் அக்காவின் மகள்தான் இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தாள். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்ற பகுதியைத் திறந்து காட்டினாள். இலங்கையிலிருந்து பார்ப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதிப் பேர் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் இருந்தார்கள்.

"மாமா, வாக்குப் போட்டதில கனபேர் வெளியில இருக்கிறவை. அவைக்கு மெசின் இல்லை, ஞாபகம்தான் இருக்கு" என்றாள்.

வன்னியிலிருந்து சேனல் நடத்துகிற எவரும் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். காணொளியைப் பார்த்தவர்களின் நாடு ஸ்டூடியோவில் தெரியும், வாக்களித்தவர்களின் நாடு தெரியாது. வாக்கெடுப்பு விழுக்காட்டையும் மொத்த வாக்குகளையும் மட்டுமே காட்டுகிறது. யார் எதற்கு வாக்களித்தார் என்பதும் தெரிவதில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் பார்ப்பது எனக்கு மகிழ்ச்சிதான். அவர்களுக்காகவும் நான் காணொளி செய்வேன். ஆனால் அவர்களுடைய வாக்கும் நாளைக் காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவருடைய வாக்கும் ஒரே குவியலில் விழுந்தால், அந்தக் குவியலிலிருந்து எதையும் பிரித்தறிய முடியாது.

இம்முறை பெப்ரவரி 8 அன்று சீல் மாற்றும் காணொளியைப் போட்டேன். பம்பியின் தண்டுப் பக்கத்தால் நீர் ஒழுகினால் உள்ளே இருக்கும் சீலை எப்படிக் கழற்றி மாற்றுவது என்பதே அதன் பொருள். மாரி முழுவதும் கொட்டிலில் கிடந்த பம்பிகளை எல்லோரும் வெளியே எடுக்கிற காலம் அது. ஆகவே ஆறு நாட்கள் கழித்து, பெப்ரவரி 14 மாலையில், வாக்கெடுப்பை வைப்பதென்று முடிவு செய்தோம்.

கேள்வியை எழுத இரண்டு மாலைகள் பிடித்தன. என் முதல் வரைவில் 'புட்வால்வு பழுது', 'சக்சன் குழாயில் காற்று', 'சீல் தேய்வு' என்று காரணங்களைத் தெரிவுகளாக வைத்திருந்தேன். புட்வால்வு என்பது கிணற்றுக்குள் இறங்கும் சக்சன் குழாயின் அடியில் இருந்து, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு. அதை வாசித்த மருமகள், "காரணம் தெரிஞ்சால் அவை ஏன் மாமா உங்களிட்டக் கேக்கினம்?" என்றாள். அது சரியான கேள்வி. பம்பியின் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வைத்தே விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எனவே காரணங்களை நீக்கிவிட்டு அறிகுறிகளை வைத்தோம். அடுத்து, தண்ணீர் வராத இரண்டு நிலைகளையும் நான் ஒரே தெரிவாகச் சேர்த்திருந்தேன். தொடக்கத்திலிருந்தே வராமல் இருப்பதும், சிறிது நேரம் வந்து பிறகு நின்றுபோவதும் வேறு வேறு என்று அவள்தான் பிரிக்கச் சொன்னாள். அந்தப் பிரிப்பு எவ்வளவு பெறுமதியானது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

எழுத்து எண்ணிக்கையும் ஒரு தடையாக இருந்தது. ஒரு தெரிவுக்கு 65 எழுத்துகள்தான் கிடைக்கும். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் விசிறியும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுகின்றன. 'தண்ணீர்' என்பது நமக்கு நான்கு எழுத்து, அங்கே ஏழு. ஆகவே 65 என்பது நடைமுறையில் ஏறக்குறைய 40 தமிழ் எழுத்துகளுக்குள் முடிந்துவிடும். இறுதியில் நாங்கள் வைத்தது இது:

> இந்த மாதம் உங்கள் பம்பியை முதன்முறை இயக்கியபோது என்ன நடந்தது?
>
> ○ உடனே தண்ணீர் வந்தது
> ○ எஞ்சின் ஓடியது, தண்ணீர் வரவேயில்லை
> ○ தண்ணீர் வந்து, பிறகு நின்றுவிட்டது
> ○ எஞ்சினே இயங்கவில்லை
> ○ என்னிடம் பம்பி இல்லை / வெளிநாட்டில் இருக்கிறேன்

ஐந்தாவது தெரிவுதான் முந்தைய ஆண்டின் பிழைக்கு நான் கண்ட தீர்வு. அது வெளிநாட்டில் இருப்பவரை விலக்கிவைப்பதற்காக எழுதப்பட்டதன்று. வாக்கெடுப்பில் பங்குகொள்ள விரும்புகிற ஒருவருக்கு உண்மையான விடை எதுவும் இல்லாவிட்டால், ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். வாக்களித்த பிறகுதான் முடிவு தெரியும் என்பதால், முடிவைப் பார்க்கும் ஆவலிலேயே பலர் அப்படித் தொடுகிறார்கள். அவருக்கென்று ஒரு இருக்கையைப் போட்டுவைத்தால் மற்ற நான்கும் தூய்மையாக இருக்கும். முதல் தெரிவும் அதே காரணத்துக்காகத்தான் வைக்கப்பட்டது: பழுதில்லாதவரும் சொல்வதற்கு ஒன்று இருக்க வேண்டும்.

முதலில் போட்டபோது மூன்றாவது தெரிவில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. பதிவின் மேல் வாசகத்தைத் திருத்தலாம், ஆனால் வாக்கெடுப்பின் தெரிவுகளை வெளியிட்ட பின் மாற்ற முடியாது. பத்தொன்பது வாக்குகள் விழுந்திருந்த நிலையில் அதை நீக்கிவிட்டு மீண்டும் போட்டேன். இப்போதெல்லாம் போடுவதற்கு முன் இருவரும் ஒரு தடவை உரக்க வாசித்துப் பார்க்கிறோம்.

நேரத்தையும் யோசித்தோம். ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் யூடியூப்பில் எந்நேரம் இருக்கிறார்கள் என்பதை ஊதா நிறப் பட்டைகளாகக் காட்டும் ஒரு படம் இருக்கிறது. என்னுடையதில் இரவு எட்டு மணியளவில் ஒரு உயரம், நள்ளிரவு தாண்டி இன்னொரு உயரம். இரண்டாவது உயரம் ஐரோப்பாவின் மாலையும் கனடாவின் பிற்பகலும் என்பது ஊகிக்கக்கூடியதே. மாலை ஏழு மணிக்குப் போட்டால் தோட்டத்திலிருந்து வந்து குளித்துவிட்டு இருப்பவர்கள் முதலில் காண்பார்கள். வாக்கு எண்ணிக்கைக்கு இது பெரிய வேறுபாட்டைத் தராது, ஆனால் கருத்துகளுக்குத் தரும். முதல் பத்துக் கருத்துகளும் பழைய நினைவுகளாக இருந்தால், பதினோராவதாக வருகிற விவசாயி தன் பம்பியின் பழுதை அங்கே எழுதத் தயங்குவார். முதல் மூன்று பேர் 'எங்கட மெசினும் இப்படித்தான்' என்று தொடங்கிவிட்டால் மற்றவர்களும் அந்த வழியிலேயே எழுதுகிறார்கள். இதை நான் இரண்டு மூன்று பதிவுகளில் கண்டிருக்கிறேன்.

நான்காம் நாள் மாலையில் மொத்தம் 286 வாக்குகள் விழுந்திருந்தன. ஐந்தாவது தெரிவு 47 விழுக்காடு. திரையில் பார்க்கும்போது அதுதான் வென்றது போலத் தோன்றும். ஆனால் விழுக்காட்டை மொத்த வாக்குகளால் பெருக்கி, ஐந்தாவதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். 286-இல் 47 விழுக்காடு ஏறக்குறைய 134 பேர். மீதி 152 பேர்தான் பம்பி வைத்திருப்பவர்கள். அவர்களில் 40 பேருக்கு உடனே தண்ணீர் வந்தது. 60 பேருக்கு எஞ்சின் ஓடியும் தண்ணீர் வரவில்லை. 32 பேருக்கு வந்து நின்றது. 20 பேருக்கு எஞ்சின் இயங்கவில்லை. பம்பி வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்குத் தண்ணீர்ப் பக்கத்தில்தான் சிக்கல், எஞ்சினில் அன்று. திரையில் 21 விழுக்காடு, 11 விழுக்காடு என்று சிறியதாகத் தெரிந்த இரண்டு வரிகளுக்குள் இந்தச் செய்தி ஒளிந்திருந்தது.

அந்த எண்களை அன்றிரவே கொப்பியில் எழுதிவைத்தேன். நான் நீக்கும் வரை வாக்கெடுப்பு திறந்தே கிடக்கும், வாக்குகளும் வந்துகொண்டே இருக்கும். ஏப்ரலில் ஒருவர் அளிக்கும் வாக்கு பெப்ரவரியின் நிலையைச் சொல்லாது. 'இந்த மாதம்' என்று கேள்வியில் எழுதியிருப்பதால், பின்னர் வருபவருக்கு அது வேறு மாதம். எண்களை எந்த நாளில் எடுத்தேன் என்பதையும் குறித்துவைத்தால்தான் அடுத்த ஆண்டு ஒப்பிட முடியும்.

மறுநாள் ஒரு எழுத்துப் பதிவு போட்டேன். 'பம்பி வைத்திருக்கும் 152 பேரில் 92 பேருக்குத் தண்ணீர் ஏறுவதில்தான் சிக்கல். அடுத்த காணொளி அதைப் பற்றியது. அதுவரை காத்திருக்க வேண்டாம், சீல் காணொளியின் கீழே பின் செய்த கருத்தில் ஒரு சோதனை எழுதியிருக்கிறேன், இன்றே செய்து பாருங்கள்' என்பதே அதன் சாரம். வெளியிடும் திகதியை எழுதவில்லை. முன்பு ஒருமுறை திகதி சொல்லி, உதிரிப்பாகம் வராமல் இரண்டு வாரம் பிந்தியதால், கேட்டு எழுதியவர்களுக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன். படம்பிடித்து முடியாத காணொளிக்குத் திகதி சொல்லக் கூடாது என்று அன்றே தீர்மானித்தேன்.

பின் செய்த கருத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். மூன்றிலும் எனக்கு அதிகம் உதவியது அதுதான். ஒரு காணொளிக்கு ஒரேயொரு கருத்தைத்தான் பின் செய்ய முடியும். புதிதாக ஒன்றைப் பின் செய்தால் பழையது இறங்கிவிடும். பலர் அந்த இடத்தில் 'லைக் பண்ணுங்கள், ஷெயார் பண்ணுங்கள்' என்று எழுதிவைக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய வீண் என்பதை சீல் காணொளியின் கீழே நடந்த ஒரு விடயம் எனக்கு உணர்த்தியது.

காணொளி வெளியான மூன்றாம் நாள் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: 'தண்ணீர் இழுக்காவிட்டால் மெசினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளே ஒரு தட்டில் இறக்கி வையுங்கள், தண்ணீருக்குக் கிட்ட இருந்தால் நன்றாக இழுக்கும்.' அதற்குப் பதினெட்டு விருப்பங்கள் விழுந்து, அது முதல் இடத்தில் நின்றது. தண்ணீருக்குக் கிட்டே வைத்தால் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இயக்கினால் அதன் புகை வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். அதிலிருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மெசினை நிறுத்த இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை, தன் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். அதை நீக்கிவிட்டால் அவரும், அவரைப் போல எண்ணுகிறவர்களும் ஏன் நீக்கப்பட்டது என்று அறியமாட்டார்கள். ஆகவே அவருக்கு மரியாதையோடு விளக்கமாகப் பதில் எழுதினேன். அதன்பின் என் கருத்தைப் பின் செய்தேன். விருப்பங்கள் எத்தனை இருந்தாலும் பின் செய்த கருத்து எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். பிழையான அறிவுரைக்கு மேலே சரியானதை நிறுத்துவதற்கு நம் கையில் இருக்கும் வழி அது ஒன்றுதான்.

கைப்பேசியில் நீளமான கருத்தின் முதல் சில வரிகள் மட்டுமே தெரியும், மீதி 'மேலும் வாசி' என்பதற்குள் மறைந்துவிடும். எனவே உயிருக்கு ஆபத்தான செய்தி முதல் வரியில் இருக்க வேண்டும். வாக்கெடுப்புக்குப் பிறகு சோதனையையும் சேர்த்து அதைத் திருத்தியபோது அது இப்படி அமைந்தது:

> எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடாதீர்கள். புகையால் உயிர் போகும்.
>
> தண்ணீர் ஏறவில்லையா? எஞ்சினை இயக்காமல் பம்பியின் வாயால் தண்ணீர் நிரப்பிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். (நிரப்பும் முறை 6:40-இல்)
>
> மட்டம் இறங்கினால் குழாயின் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் குழாயில் வெடிப்பு. ஈரம் இல்லாவிட்டால் புட்வால்வு.
>
> மட்டம் இறங்காவிட்டால் பம்பியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி என்று கீழே எழுதுங்கள்.

கருத்தில் 6:40 என்று எழுதினால் அது தானாகவே இணைப்பாக மாறி, தொடுகிறவரை காணொளியின் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும். இந்த வசதி இருப்பதால் பின் செய்த கருத்து பழைய காணொளியையே புதிய கேள்விக்குப் பயன்பட வைக்கிறது. சீல் காணொளியில் நிரப்புவதை நான் போகிற போக்கில்தான் காட்டியிருந்தேன், அதற்கு இப்போது ஒரு தேவை பிறந்துவிட்டது. கடைசி வரியையும் கவனித்துத்தான் எழுதினோம். 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் 'அருமை அண்ணா' என்று வரும். 'எத்தனை அடி' என்று கேட்டால் ஒரு எண் வரும்.

எண்களும் வந்தன. அடுத்த பத்து நாட்களில் சோதனையைச் செய்து பார்த்ததாக 34 பேர் எழுதினார்கள். அவர்களில் 21 பேருக்கு மட்டம் இறங்கியிருந்தது. பெரும்பாலும் புட்வால்வின் றப்பர் காய்ந்து விறைத்திருந்தது, சிலவற்றில் கல்லோ வேர்த்துண்டோ சிக்கியிருந்தது. கழற்றிக் கழுவியதும் தண்ணீர் வந்ததென்று பலர் மீண்டும் வந்து எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் அன்றன்றே பதில் எழுதினேன். இரவில் ஒரு மணித்தியாலம் அதற்குப் போனது.

இங்கே ஒரு பிழையும் செய்தேன். குழாய் வெடிப்பைக் கண்டுபிடித்த ஒருவர் அதை மிக அழகாக விவரித்திருந்தார். அவருடைய கருத்தைப் பின் செய்து என்னுடையதை இறக்கினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அவர் அதே கருத்தைத் திருத்தித் தன் விற்பனைத் தொலைபேசி எண்ணைச் சேர்த்திருந்தார், கருத்து மேலேயே நின்றது. நான் கொடுத்திருந்த இதயக் குறி மட்டும் மறைந்துவிட்டிருந்தது. கருத்தை எழுதியவர் திருத்தினால் இதயம் போய்விடும், ஆகவே அது ஒரு அடையாளமாக உதவும். உடனே என்னுடையதை மீண்டும் பின் செய்தேன். பார்வையாளரின் கருத்தைப் பாராட்ட இதயக் குறியும் பதிலும் போதும். மேலே நிற்கும் இடம், முக்கியமாகப் பாதுகாப்புச் செய்தி இருக்கும் காணொளியில், சேனல் நடத்துகிறவரின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

பெப்ரவரி 26 அன்று வெட்டிப் பிளந்த இரண்டு புட்வால்வுகளின் படத்தைப் போட்டேன். மார்ச் தொடக்கத்தில் வினாடி வினா வகைப் பதிவு ஒன்றையும் முயன்றேன். அதற்கு வாக்குகள் நிறைய விழுந்தன, ஆனால் கருத்துகள் மிகக் குறைவு. சரியான விடை உடனே தெரிந்துவிடுவதால் பேச எதுவும் மிஞ்சுவதில்லை என்று நினைக்கிறேன்.

இனி, எதிர்பாராத திருப்பம். அதிக வாக்குப் பெற்ற சிக்கல் 'தண்ணீர் வரவேயில்லை' என்பதால் அடுத்த காணொளி புட்வால்வைப் பற்றியதாக இருக்குமென்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் அந்த 60 பேரின் சிக்கல் பின் செய்த கருத்தில் இருந்த சோதனையாலேயே பெரும்பாலும் தீர்ந்துகொண்டிருந்தது. தீராமல் திரும்பத் திரும்ப வந்தது 'வந்து நின்றுவிட்டது' என்ற 32 பேரின் சிக்கல். சோதனையில் அவர்களுக்கு மட்டம் இறங்கவில்லை, குழாயும் புதியது, ஆயினும் அரை மணித்தியாலத்தில் தண்ணீர் நின்றது.

அவர்களில் ஒட்டுசுட்டானைச் சேர்ந்த ஒரு அக்கா நான் கேட்டதற்கு மேலாக எழுதியிருந்தார்: 'தம்பி, தொடங்கேக்க 19 அடி. நாப்பது நிமிசத்தில நிண்டுது. அப்ப கயித்தில கல்லுக் கட்டிப் பாத்தன், 26 அடி. ஒரு மணித்தியாலம் விட்டுப் போட்டால் திரும்ப வரும்.'

அதை வாசித்தபோதே காரணம் தெளிவாகிவிட்டது. சக்சன் குழாயால் பம்பி தண்ணீரை 'இழுப்பது' என்று நாம் சொன்னாலும், உண்மையில் வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் ஏறக்குறைய 34 அடி உயரத்துக்கு மேல் நீரைத் தாங்காது. குழாயின் உராய்வும் பம்பியின் குறைபாடுகளும் சேர, சிறிய பம்பிகளுக்கு நடைமுறை எல்லை 25 அடியளவில் முடிந்துவிடும். அந்தக் கிணற்றில் ஊற்று வருவதைவிட வேகமாகப் பம்பி இறைத்ததால் மட்டம் 19 அடியிலிருந்து 26 அடிக்கு இறங்கி, எல்லையைத் தாண்டியிருந்தது. பம்பியில் பழுதே இல்லை. அவர் புதிய புட்வால்வு, புதிய குழாய், புதிய சீல் என்று எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பணம் செலவழித்திருந்தார்.

அனுமதி கேட்டுக்கொண்டு மார்ச் 12 அன்று அங்கே போனேன். எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் மெதுவாகப் போகும்படி விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கல் கட்டிய கயிற்றால் மட்டத்தை அளந்தோம். மட்டம் 23 அடியில் நின்றுவிட்டது. இரண்டரை மணித்தியாலம் தடையின்றி ஓடியது. அதைத்தான் காணொளியாக மார்ச் 21 அன்று வெளியிட்டேன். தலைப்புக்கு நான் சொல் தேடவில்லை, கருத்துகளில் மக்கள் எழுதிய சொற்களையே எடுத்து 'தண்ணி வந்து வந்து நிக்குதா?' என்று வைத்தேன். புட்வால்வுக்குக் காணொளியில் முக்கால் நிமிடம் மட்டும் கொடுத்து, மீதியைப் பின் செய்த கருத்துக்கு விட்டுவிட்டேன்.

விளைவைப் பற்றிச் சொல்லக்கூடியது குறைவுதான், அதை மிகைப்படுத்த விரும்பவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. மண்ணெண்ணெய் மெசின் காணொளியை விட முதல் வாரப் பார்வைகளும் குறைவு. ஆனால் முதல் வாரத்தில் தன் கிணற்றின் அடிக்கணக்கோடு கேள்வி கேட்டவர்கள் 31 பேர், முந்தைய காணொளிக்கு அப்படிக் கேட்டவர்கள் 9 பேர். 41 நாட்களில் நான் போட்ட பதிவுகள் நான்குதான். முன்பு தினமும் காலை வணக்கப் படங்கள் போட்ட மாதங்களில் விருப்பங்கள் குவிந்தன, கேள்விகள் வந்ததில்லை.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் உண்டு. பம்பி வைத்திருக்கும் 152 பேர் என்பது வாக்களித்தவர்களின் எண்ணிக்கை. கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்து 'போட்டுக் காட்டு' என்று சொல்லிப் பார்க்கிற பெரியவர்கள் வாக்களிப்பதில்லை, கருத்து எழுதுவதுமில்லை. அவர்களுடைய சிக்கல் பட்டறைக்கு வரும்போதுதான் தெரிகிறது. ஆகவே வாக்கெடுப்பு எண்களை எழுதும் அதே கொப்பியின் மறுபக்கத்தில், பட்டறைக்கு வருகிற பம்பிகளின் அறிகுறிகளையும் அதே நான்கு தெரிவுகளின் கீழ் குறித்து வருகிறேன். மார்ச் மாதம் வந்த 23 பம்பிகளில் 8 எஞ்சின் இயங்காதவை. வாக்கெடுப்பில் அது மிகச் சிறிய வரியாக இருந்தது.

அதனால் ஐப்பசியில் மழை பிடித்ததும் சீல் காணொளியின் பின் செய்த கருத்தை மாற்றினேன். முதல் வரி அப்படியே இருக்கிறது. சோதனைக்குப் பதிலாக, பம்பியைக் கொட்டிலில் வைப்பதற்கு முன் காபரேட்டரில் மிஞ்சிய எரிபொருளை வடித்துவிட வேண்டும் என்றும், புட்வால்வைக் கழுவி நிழலில் தொங்கவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் இம்முறை கேட்டிருப்பது, வடித்தபோது வந்த எண்ணெய் என்ன நிறத்தில் இருந்தது என்பதை. இதுவரை பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களில் ஏழு பேர் எழுதியிருப்பது 'தேத்தண்ணி நிறம்'.